லேபிள் எங்கிருந்து வருகிறது என்று கேட்காத வடிவமைப்பு

இயந்திரக் கற்றல் பொறியாளர் பணிக்கான நேர்காணல்களில் 'சிஸ்டம் டிசைன்' என்றொரு சுற்று உண்டு. நேரம் 45 நிமிடம். "பணப் பரிவர்த்தனைகளில் மோசடியைக் கண்டறியும் அமைப்பொன்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை வடிவமையுங்கள்" என்று ஒற்றை வரியில் கேள்வி வரும். ஆய்வு மாணவர்களும் முதுநிலை மாணவர்களும் இதற்கான விடையை ஏறத்தாழ மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். பரிவர்த்தனைகள் காஃப்கா வழியாக வந்து சேரும். பண்புக்கூறுகள் ரெடிஸில் காத்திருக்கும். எக்ஸ்ஜிபூஸ்ட் மாதிரி 100 மில்லிவிநாடிக்குள் ஒரு மதிப்பெண் தரும். மோசடிகள் அரிதென்பதால் ஸ்மோட் கொண்டு செயற்கை எடுத்துக்காட்டுகள் பெருக்கப்படும். வாரம் ஒருமுறை மறுபயிற்சி நடக்கும். பலகை நிறையப் பெட்டிகள், பெட்டிகளுக்கிடையே அம்புகள். கேட்பவர் தலையசைப்பார்.

இந்த விடையின் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே சரிதான். ஆனால் முதல் அம்பு புறப்பட வேண்டிய இடம் பலகையில் இல்லை. ஒரு பரிவர்த்தனை மோசடியானது என்று யார் சொன்னார், எப்போது சொன்னார், எவற்றைப் பற்றிச் சொல்லவே முடியாமல் போயிற்று என்பதே அந்த இடம். லேபிள் என்பது தரவு அட்டவணையின் கடைசிப் பத்தியில் தானாக அமர்ந்திருக்கும் ஒன்று என்ற எண்ணத்தின் மீது முழு மாளிகையும் எழுப்பப்படுகிறது. மோசடி கண்டறிதலில் லேபிள்தான் வடிவமைப்பின் முதற்பொருள். மாதிரி அதற்குப் பின்னர் வருவது. இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கற்பிப்பது சிறு குறையன்று. அது தவறான அமைப்புகளை உருவாக்குகிறது.

இந்தப் பழக்கம் எங்கே ஊன்றப்பட்டது என்பதை ஊகிப்பது கடினமன்று. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இத்துறையில் எழுதப்படும் திட்ட அறிக்கைகளில் மிகப் பல ஒரே தரவுத்தொகுப்பின் மீது நிற்பவை. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவொன்று வெளியிட்டு, கேகிள் தளத்தில் கிடைக்கும் கடனட்டைத் தரவு அது. 2013 செப்டம்பரில் இரண்டே நாள்களில் ஐரோப்பிய அட்டைதாரர்கள் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள். அவற்றுள் 492 மோசடி. இரகசியம் காக்கும் பொருட்டு ஏறக்குறைய எல்லாப் பண்புக்கூறுகளும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு வழியாக முகமற்ற எண்களாக்கப்பட்டுள்ளன. அட்டையின் அடையாளம் இல்லை. எனவே ஒருவரது முந்தைய நடத்தையோடு ஒப்பிட வழியில்லை. புகார் வந்த நாள் இல்லை. வங்கி ஏற்கெனவே தடுத்துவிட்டவை எவை என்ற குறிப்பும் இல்லை. இருப்பது 0 அல்லது 1 என்ற ஒரு பத்தி மட்டுமே. இதைக் கலைத்து, 80க்கு 20 என்று தற்செயலாகப் பிரித்து, ஸ்மோட் தூவி, ஒரு எண்ணைப் பெறுவதையே மோசடி கண்டறிதல் என்று பயின்றவர் நேர்காணலிலும் அதையேதான் வரைவார். தரவை வெளியிட்ட அதே குழு, லேபிள் தாமதமாக வருவதையே மையச் சிக்கலாக எடுத்துக்கொண்டு கட்டுரைகள் எழுதியது என்பது இதிலுள்ள முரண். தரவைப் பதிவிறக்கியவர்கள் பலர். அக்கட்டுரைகளைப் படித்தவர்கள் அவர்களில் சிலரே.

சிக்கலைக் காண ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளலாம். நடுத்தர அளவுள்ள ஓர் இந்திய வங்கி. அதன் வாடிக்கையாளர்கள் யுபிஐ வழியே ஒரு நாளில் 50 இலட்சம் முறை பணம் அனுப்புகிறார்கள் என்று கொள்வோம். பத்தாயிரத்தில் ஒன்று மோசடி என்றால் நாளொன்றுக்கு 500. (கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்ட எண்களே இவையும் இனி வருபவையும், எந்த வங்கியின் புள்ளிவிவரமும் அல்ல.)

இங்கே மோசடி எப்படி நடக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய சோபாவை விற்க ஒருவர் விளம்பரம் தருகிறார். வாங்குபவராக நடிப்பவன் ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள், பணம் உங்களுக்கு வந்துவிடும்" என்கிறான். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை என்பதை அறியாத விற்பவர் இடுகிறார், பணம் போய்விடுகிறது. இதில் கைபேசி அவருடையது, சிம் அவருடையது, பின் எண் சரியானது, இருப்பிடம் அவரது வீடு. 'புதிய சாதனம்', 'வழக்கமில்லாத ஊர்' என்று நேர்காணலில் முதலில் பட்டியலிடப்படும் பண்புக்கூறுகள் அனைத்தும் இந்தப் பரிவர்த்தனையை மிக நல்லதென்றே காட்டும். அவை திருடப்பட்ட அட்டையைப் பிடிக்க உருவானவை. உரிமையாளரே ஏமாந்து அனுப்பும் பணத்தில் தடயம் அனுப்புபவரிடம் இராது, பெறுபவரிடம் இருக்கும். நெடுநாள் உறங்கிய கணக்கொன்று திடீரென விழிக்கிறது. ஒருவரையொருவர் அறியாத பலர் முதன்முறையாக அதற்குப் பணம் அனுப்புகிறார்கள். வந்த பணம் சில நிமிடங்களில் வெளியேறுகிறது. மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்படும் இத்தகைய கணக்குகளை வங்கியாளர்கள் மியூல் கணக்கு என்பர். ஆனால் அந்தக் கணக்கு வேறொரு வங்கியில் இருந்தால், அனுப்பும் வங்கிக்கு அதன் வயதும் தெரியாது, பணம் வெளியேறும் வேகமும் தெரியாது. தன் வாடிக்கையாளர்கள் அந்த முகவரிக்கு அனுப்பியவற்றை மட்டுமே அது காணும். எந்த நிறுவனத்தின் இருக்கையிலிருந்து வடிவமைக்கிறோம் என்று முதல் நிமிடத்திலேயே கேட்காத விண்ணப்பதாரர், தன்னிடம் இல்லாத பண்புக்கூறுகளைக் கொண்டு மீதி 44 நிமிடத்தையும் நிரப்பிவிடுவார்.

அடுத்து, அளவுகோல். இந்த வங்கியில் சந்தேகப் பரிவர்த்தனைகளை ஆராய 20 பேர் இருக்கிறார்கள், ஒருவர் நாளொன்றுக்கு 50 பார்க்கலாம், ஆக 1,000. மோசடிகளில் 80 விழுக்காட்டைப் பிடிக்கும், நல்லவற்றில் 0.5 விழுக்காட்டை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும் மாதிரியொன்றைத் தேர்வாளரிடம் காட்டினால் அவர் மகிழ்வார். ஆர்ஓசி வளைவும் அழகாக இருக்கும். ஆனால் 50 இலட்சத்தில் 0.5 விழுக்காடு என்பது 25,000. பிடிபட்ட 400 மோசடிகள் இந்த 25,000 நல்லவற்றுக்குள் கரைந்து கிடக்கின்றன. எச்சரிக்கைகளில் அறுபதில் ஒன்றே மெய். ஆராய்வோரால் பார்க்க முடிந்ததோ ஆயிரம். ஆகவே இங்கே பொருளுள்ள கேள்வி ஒன்றுதான்: மதிப்பெண் வரிசையில் முதல் ஆயிரத்துக்குள் எத்தனை மோசடிகள், எத்தனை ரூபாய்? மற்ற எண்கள் அலங்காரம்.

இவ்வளவும் ஓரளவு நல்ல விண்ணப்பதாரர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்களும் வழுக்கி விழும் இடம் இதற்கு அப்பால் இருக்கிறது.

அந்த 500 மோசடிகள் வங்கிக்கு எப்படித் தெரிய வருகின்றன? ஏமாந்தவர் உணர வேண்டும். உணர்ந்தபின் 1930 என்ற உதவி எண்ணையோ வங்கியையோ அணுக வேண்டும். வெட்கத்தாலோ தொகை சிறிதென்பதாலோ நூறு பேர் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்று கொள்வோம். மீதி 400இல் முதல் நாளுக்குள் 160, ஒரு வாரத்துக்குள் 280, ஒரு மாதத்துக்குள் 360, எஞ்சியவை அதற்கும் பின்னர். இப்போது 'நேற்றுவரையிலான 30 நாள் தரவில் வாரந்தோறும் மறுபயிற்சி' என்ற அந்த வழக்கமான வாசகத்தைப் பார்க்க வேண்டும். நேற்றைய மோசடிகளில் 160 மட்டுமே 1 என்று குறிக்கப்பட்டிருக்கும். மீதி 340 நல்ல பரிவர்த்தனை என்ற பெயரில் மாதிரிக்குப் பாடமாகப் போகும். ஐந்து நாளுக்கு முன் புதிய உத்தியொன்று பரவத் தொடங்கியிருந்தால், அதன் எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி இன்னும் 0 என்றே இருக்கும். அடிக்கடி மறுபயிற்சி செய்தால் மாதிரி புதியதைக் கற்கும் என்று நம்பியதற்கு நேர்மாறாக, புதிய உத்தி பாதுகாப்பானது என்று அது கற்றுக்கொள்கிறது. எவ்வளவு அடிக்கடி பயிற்சி தருகிறோமோ அவ்வளவு உறுதியாக.

இதைக் கண்டறியும் வழி எளிது. பரிவர்த்தனை நடந்த நாளைக் கிடை அச்சிலும், இன்றுவரை அறியப்பட்ட மோசடி விகிதத்தை நெடு அச்சிலும் வைத்து வரைந்தால், வளைவின் வலது நுனி எப்போதும் கீழே சரிந்திருக்கும். அடுத்த மாதம் வரைந்தாலும் சரிந்தே இருக்கும். ஆனால் சென்ற மாதம் சரிந்திருந்த பகுதி இப்போது நிமிர்ந்திருக்கும். 'மோசடி குறைந்துவருகிறது' என்று மேலாளர்களுக்குச் செல்லும் அறிக்கைகளில் சில இந்தச் சரிவைத்தான் காட்டுகின்றன. சம வயதுள்ள லேபிள்களையே ஒப்பிட வேண்டும்: ஒவ்வொரு நாளின் பரிவர்த்தனைகளையும் அவை நடந்து ஏழாம் நாள் முடிவில் எத்தனை புகார் வந்திருந்தன என்ற கணக்கில். பயிற்சித் தரவிலும் லேபிள் இரண்டு வகை அல்ல, மூன்று வகை: மோசடி, நல்லது, இன்னும் தெரியாது. தெரியாததைப் பூச்சியமாக எழுதுவது தரவைத் திருத்தி எழுதுவதாகும். வெஸ்டா நிறுவனம் 2019இல் கேகிள் போட்டிக்குத் தந்த தரவில் 120 நாள் கழிந்தும் புகார் வராததே நல்லதெனக் கொள்ளப்பட்டது என்பதை இங்கே நினைவுகூரலாம். அந்த வரையறை மாறினால் மாதிரியும் மாறும்; ஆயினும் அத்தரவைக் கையாண்ட கட்டுரைகளில் அந்த வரையறைக்கு ஒரு வாக்கியம் கிடைப்பதே அரிது.

காலத்தைப் புறக்கணிப்பதன் மற்றொரு முகம் பண்புக்கூறுகளில் தெரியும். 'பெறுநர் மீது உள்ள புகார்களின் எண்ணிக்கை' மிகப் பயனுள்ள பண்புக்கூறு. அதைப் பயிற்சிக்காக இன்றைய அட்டவணையிலிருந்து எண்ணினால், எந்தப் பரிவர்த்தனையை மதிப்பிடுகிறோமோ அதே பரிவர்த்தனையைப் பற்றி மூன்று நாள் கழித்து வந்த புகாரும் அதற்குள் புகுந்துவிடும். விடைத்தாளைக் கேள்வித்தாளோடு சேர்த்துத் தைப்பதற்கு ஒப்பானது அது. தடுப்பது ஒரே ஒரு வரி:

```sql
SELECT t.txn_id,
       COUNT(c.complaint_id) AS payee_complaints
FROM txn t
LEFT JOIN complaint c
  ON c.payee_id = t.payee_id
 AND c.received_at < t.txn_time
GROUP BY t.txn_id;
```

`received_at` தொடங்கும் அந்த வரி இல்லாத மாதிரி ஆய்வகத்தில் அபாரமாக இருக்கும். பணியில் இறங்கிய மறுநாளே சரியும். மதிப்பிட்ட நொடியில் மாதிரி உண்மையில் கண்ட பண்புக்கூறு மதிப்புகளைச் சேமித்துவைத்து, பின்னர் பயிற்சிக்காகக் கணக்கிடப்பட்ட மதிப்புகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். பல பெட்டிகள் வரையும் விண்ணப்பதாரர் இந்தச் சேமிப்புப் பெட்டியை வரைவதில்லை.

புகாரைக் காத்திராமல் ஆராய்வோரின் முடிவையே லேபிளாகக் கொள்ளலாமே என்பது சிலர் சொல்லும் தீர்வு. அது விரைவான லேபிள்தான், நம்பகமானதல்ல. 'டிஜிட்டல் கைது' என்ற மிரட்டலில் சிக்கிய முதியவரை வங்கி ஊழியர் தொலைபேசியில் அழைத்து, "இந்தப் பணத்தை நீங்கள்தான் அனுப்புகிறீர்களா ஐயா?" என்று கேட்டால், காணொளி அழைப்பின் மறுமுனையில் போலிக் காவலர் அமர்ந்திருக்க, "ஆமாம், நானேதான் அனுப்புகிறேன்" என்பார். ஊழியர் 'நல்லது' என்று குறித்து மூடுவார். பத்து நாள் கழித்துப் புகார் வரும். பழைய குறிப்பின் மேல் புதியதை எழுதிவிடும் அட்டவணையில் இந்த வரலாறே அழிந்துபோகும். லேபிள் அட்டவணை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போவதாக இருக்க வேண்டும்: எந்தப் பரிவர்த்தனை, என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னார், எப்போது. முன்னர்க் குறிப்பிட்ட பிரஸ்ஸல்ஸ் குழு ஆராய்வோரின் உடனடி லேபிள்களுக்கு ஒரு மாதிரி, தாமதமாக முதிரும் லேபிள்களுக்கு வேறொரு மாதிரி என்று தனித்தனியே பயிற்றி, பின்னர் இரண்டையும் இணைத்தது. காரணம், இரண்டும் வெவ்வேறு கூட்டத்திலிருந்து வருபவை: முதலாவது, அமைப்பே சந்தேகித்துத் தேர்ந்தெடுத்த ஒரு சிறு கூட்டம்.

இங்கேதான் மிகக் கடினமான முடிச்சு இருக்கிறது. அமைப்பு வேலை செய்யத் தொடங்கிய நாள் முதல் தன் லேபிள்களைத் தானே தின்னத் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்துக்கு மேற்பட்ட புதியவர்களிடமிருந்து பணம் பெறும் முகவரி என்பதை மாதிரி மோசடிக்கு அடையாளமாகக் கற்றுக்கொண்டது என்போம். அத்தகைய பரிவர்த்தனைகள் நாளொன்றுக்கு 200. அவற்றுள் 60 மோசடி. வங்கி 200ஐயும் மறுத்துவிடுகிறது. பணம் போகவில்லை, எனவே புகார் இல்லை, எனவே லேபிளும் இல்லை. ஆனால் முன்கூட்டியே விலக்களிக்கப்பட்ட சில முகவரிகள் தொடர்ந்து பணம் பெறும்: கோவில் திருவிழா நன்கொடை, தேர்வுக் கட்டணம், குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புத் தொகை. இவை எல்லாம் நல்லவை. மூன்று மாதம் கழித்து மறுபயிற்சி. இப்போது அந்த அடையாளம் கொண்ட பரிவர்த்தனைகளில் லேபிள் உள்ளவை எல்லாம் நல்லவையே என்று தரவு சொல்கிறது. மாதிரி தான் அறிந்ததை மறக்கிறது, கதவு திறக்கிறது, மோசடிகள் திரும்பி வருகின்றன. 'புதிய அலை' என்று அதற்குப் பெயரிடப்படும். உண்மையில் வெளியே எதுவும் மாறவில்லை. மறுபயிற்சிக்குப் பின் வந்த மாதிரியைத் தடுப்பு தொடங்குவதற்கு முந்தைய மாதங்களின் தரவின் மீது ஓட்டிப் பார்த்தால் இந்த மறதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அதற்கு அந்தப் பழைய தரவைக் கழித்துக்கட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

பாடநூல் தரும் மருந்து இது: தடுக்கப்பட வேண்டியவற்றில் 2 விழுக்காட்டைக் குலுக்கல் முறையில் விட்டுவிடுக; அவ்வாறு விடப்பட்ட ஒவ்வொன்றுக்கும் பயிற்சியில் 50 மடங்கு எடை தருக. நாளொன்றுக்கு 4 வீதம் 30 நாளில் 120 விடப்படும். அவற்றுள் ஏறத்தாழ 36 மோசடியாக முதிரும். அந்த அடையாளத்தின் மோசடி விகிதம் 30 விழுக்காடு என்று, எட்டு விழுக்காடு கூடக் குறையப் பிசகும் வாய்ப்போடு, வங்கி அறிந்துகொள்ளும். கணித அளவில் இது குற்றமற்றது. விரல்விட்டு எண்ணத்தக்க சில விண்ணப்பதாரர்கள் இதையும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த 36 பேர் யார்? தன் வங்கிக்கு முப்பது விழுக்காடு ஐயம் இருப்பதை அறியாமல், ஒரு புள்ளியியல் மதிப்பீட்டைக் கூர்மையாக்குவதற்காகப் பணத்தை இழக்க விடப்பட்டவர்கள். இதை 'ஆய்வுச் செலவு' என்று ஒரே சொல்லில் கடப்பது பொறியியலும் அன்று, நேர்மையும் அன்று. இந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டுமெனில் விலையும் வடிவமைப்பின் பகுதியாகப் பலகையில் ஏற வேண்டும்: விடப்படும் பரிவர்த்தனைக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு, மோசடியென்று முதிர்ந்தால் வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி திருப்பித் தரும், அதற்கு மாதம் 1,80,000 ரூபாய்வரை ஒதுக்கீடு. அப்போதும் ஒரு குறை எஞ்சும். சிறு தொகைகளில் கற்றது பெருந்தொகைகளுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. விடாமலே ஓரளவு அறியவும் வழியுண்டு. மறுக்கப்பட்டவர் மறுநாள் அதே முகவரிக்கு மீண்டும் அனுப்ப முயன்றாரா, அல்லது அதற்குள் விழித்துக்கொண்டாரா என்பது ஓர் அரைகுறை லேபிள். அதே பெறுநர் மீது வேறு வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வந்ததா என்பது இன்னொன்று. முழுமையற்றவைதாம், ஆனால் எவர் பணமும் போகாமல் கிடைப்பவை.

யாருடைய பணம் என்ற இந்தக் கேள்வி, விளிம்பில் ஒட்டவைக்கும் அறக் குறிப்பு அன்று. அது அமைப்பின் முடிவெடுக்கும் சூத்திரத்துக்குள்ளேயே நிற்கிறது. ஒரு பரிவர்த்தனை 20,000 ரூபாய். மோசடியாக இருக்க 2 விழுக்காடு வாய்ப்பு. எதிர்பார்க்கும் இழப்பு 400 ரூபாய். ஊழியர் ஒருவர் அழைத்து விசாரிக்க ஆகும் செலவு 50 ரூபாய் என்றால் அழைக்கத்தான் வேண்டும். இந்த எளிய பெருக்கலுக்கே மாதிரியின் எண் உண்மையான நிகழ்தகவாக இருப்பது அவசியம் என்பதை ஸ்மோட் தூவியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நல்ல பரிவர்த்தனைகளில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்றிய மாதிரி, 2 விழுக்காட்டு வாய்ப்பை 0.67 என்று சொல்லும். அதைத் திருத்தாமல் பெருக்கினால் 400 ரூபாய் இழப்பு 13,400 ஆகத் தோன்றும். திருத்தும் சூத்திரம் சிறியது. `b` என்பது நல்லவற்றில் வைத்துக்கொண்ட பங்கு, இங்கே 0.01:

```
p = b*s / (b*s - s + 1)
```

`s` இடத்தில் 0.67 இட்டால் ஏறத்தாழ 0.02 கிடைக்கும். சரி, நிகழ்தகவு திருந்திவிட்டது. ஆனால் அந்த 400 ரூபாய் யாருடைய ஏட்டில் இழப்பு? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியின்றி மூன்றாம் தரப்பால் நடந்த பரிவர்த்தனையை அவர் மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்றது. இரகசிய விவரங்களைப் பகிர்ந்தது போன்ற அவரது கவனக்குறைவால் நேர்ந்ததெனில், அவர் தெரிவிக்கும்வரையிலான இழப்பு முழுவதும் அவருடையதே என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. பின் எண்ணைத் தன் கையாலேயே இட்டு ஏமாந்தவரின் இழப்பு வங்கியின் ஏட்டுக்கு வருவது அரிது. ஆகவே 'வணிக நோக்கம்: வங்கியின் மோசடி இழப்பைக் குறைத்தல்' என்று பலகையின் மேல்மூலையில் எழுதிவிட்டுத் தொடங்கும் விண்ணப்பதாரரின் சூத்திரத்தில், சோபா விற்றவரின் 20,000 ரூபாய்க்கு மதிப்பு பூச்சியம். பூச்சியம் ஐம்பதைவிடக் குறைவு. எனவே அழைக்க வேண்டாம், விட்டுவிடு. அதே மாதிரி, அதே நிகழ்தகவு, நேரெதிர் முடிவு. மேல்மூலையில் எழுதிய அந்த ஒற்றை வரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. இழப்பு என்பதை வாடிக்கையாளரின் இழப்பாக வரையறுத்தாலும் வேலை முடிவதில்லை. தொகையால் பெருக்கி வரிசைப்படுத்தினால், ஆயிரம் அழைப்புகளும் பெருந்தொகைக்காரர்களுக்கே போகும். தினக்கூலியாளர் இழந்த 2,000 ரூபாய் வரிசைக்குள் வரவே வராது. மியூல் கணக்குகள் பல வேளைகளில் சிறு தொகைகளில்தான் முதலில் வெளிப்படுகின்றன. ஆகவே பரிவர்த்தனையைத் தனித்தனியே வரிசைப்படுத்தாமல் பெறுநர்வாரியாகத் தொகுத்து வரிசைப்படுத்துவது, சிறு தொகையினருக்கும் நியாயமானது, தடுப்புக்கும் பயன் தருவது.

"45 நிமிடத்தில் இவ்வளவும் முடியுமா? நேர்காணல் அகலத்தைத்தான் சோதிக்கிறது, ஆழத்தைப் பணியில் கற்றுக்கொள்ளலாம்" என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. நேரம் குறைவென்பது உண்மை. ஆனால் அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். காஃப்கா, ரெடிஸ், பண்புக்கூறுக் கிடங்கு, மாதிரிச் சேவையகம் என்று வரையப்படும் பெட்டிகள், உணவு விநியோகச் செயலிக்கான பரிந்துரை அமைப்பைக் கேட்டாலும் அப்படியே வரையப்படுபவை. மோசடிக்கே உரியது எதுவும் அவற்றில் இல்லை. பலகையில் முதலில் மூன்று சிறு அட்டவணைகளை எழுத ஐந்து நிமிடம் போதும்: பரிவர்த்தனையும் அந்நொடியில் மாதிரி கண்டவையும்; அமைப்பு எடுத்த முடிவும் அது குலுக்கலில் எடுக்கப்பட்டதா என்பதும்; பின்னர் யார் எப்போது என்ன சொன்னார் என்பது. இம்மூன்றும் இருந்தால் எக்ஸ்ஜிபூஸ்டா, வரைபட நரம்பு வலையா என்ற வாதத்தைத் தரவே தீர்த்துவைக்கும். இல்லையெனில் எந்த மாதிரி வென்றது என்று சொல்லவே வழியில்லை.

கல்வித்துறைக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கூர்மையானது. நேர்காணல் விடையைப் பழிப்பது எளிது. அந்த விடையை மதிப்பெண் தந்து வளர்த்தது ஆய்வேட்டுத் தேர்வு. தற்செயல் பிரிப்பில் எஃப்1 மதிப்பு 0.9 என்று காட்டும் ஆய்வேட்டைப் பார்க்கும் தேர்வாளர், பயிற்சித் தரவின் கடைசி நாளுக்கும் சோதனைத் தரவின் முதல் நாளுக்கும் இடையே லேபிள் முதிர எத்தனை நாள் விடப்பட்டது என்று கேட்கலாம். பரிவர்த்தனை நேரமும் லேபிள் வந்த நேரமும் தனித்தனியே இல்லாத தரவு எனில், அதன் மீது மறுபயிற்சியைப் பற்றி எந்த முடிவையும் எழுத அனுமதிக்காமல் இருக்கலாம். தடுக்கப்பட்டவை எங்கே என்று கேட்கலாம். 'அவை தரவில் இல்லை' என்ற விடை வந்தால், ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்லலாம்.